சந்தைக் கண்ணாடி எதுவரை போதும்?

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆடு கோழி, காய்கறி, துணி எல்லாவற்றையும் தாண்டிப் போனால், ஒரு தார்ப்பாய் நிழலில் கண்ணாடிப் பலகை சாய்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கண்ணாடியிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி +1.00, +1.50, +2.00 என்று எழுதியிருக்கும். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்கு வெளியிலும் இதே பலகையைப் பார்க்கலாம், தருமபுரியிலும் பார்க்கலாம். நூறு, நூற்றைம்பது ரூபாய். வாங்க வருபவரிடம் கடைக்காரர் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையையோ செய்தித்தாளையோ நீட்டுவார். ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்கள், சரியில்லையென்றால் அடுத்தது. எழுத்து பளிச்சென்று தெரிந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். பார்வை சோதிப்பது, கண்ணாடி எழுதிக் கொடுப்பது, புரைக்கும் மற்ற நோய்களுக்கும் ஆட்களைப் பிரித்து மருத்துவரிடம் அனுப்புவது என் வேலை. இந்தக் கடைகளையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்பவர்கள் என் துறையில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்பத்தைந்து வயதில் ஊசியில் நூல் கோக்க முடியாத ஒருவருக்கு அன்றைக்கே, அரை நாள் கூலியைக் கூட இழக்காமல், வேலை நடக்கிற மாதிரி ஒரு கண்ணாடி கிடைக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது தாண்டிய கொழுந்து பறிப்பவர்களுக்குக் கிட்டப் பார்வைக்கான கண்ணாடி கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2018-இல் வெளிவந்தது. கண்ணாடி கிடைத்தவர்களின் உற்பத்தி, கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் இருபது சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. பூ கட்டுபவர், தைப்பவர், புளியில் கொட்டை எடுப்பவர், பட்டுக்கூடு தரம் பிரிப்பவர் என்று கையையும் கண்ணையும் நம்பிப் பிழைக்கிறவர்கள் நிறைந்த நம் பக்கத்தில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனக்குக் கவலையெல்லாம் வேறொரு இடத்தில். எழுத்து தெரிந்துவிட்டது என்பதாலேயே கண் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையில் சிலருக்கு வருஷங்கள் போய்விடுகின்றன.

முதலில், சந்தைக் கண்ணாடி எதைச் சரிசெய்கிறது என்று பார்த்துவிடுவோம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் மிருதுவாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது அது தடித்துக்கொள்ளும், தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகும். வயது ஏற ஏற அது இறுகுகிறது. நாற்பதை ஒட்டி, தடிக்க வேண்டிய அளவுக்குத் தடிக்க முடியாமல் போகிறது. அதுதான் வெள்ளெழுத்து. இது நோயில்லை, எல்லோருக்கும் வருவது. லென்ஸால் செய்ய முடியாத மிச்ச வேலையை வெளியிலிருந்து கண்ணாடி செய்து கொடுக்கிறது.

எவ்வளவு மிச்சம் என்பதை வயது ஓரளவு சொல்லிவிடும். தூரப் பார்வையில் குறை இல்லாத ஒருவருக்கு நாற்பதுகளின் தொடக்கத்தில் +1.00 அல்லது +1.25 போதும். நாற்பத்தைந்தைத் தாண்டினால் +1.50. ஐம்பதில் +2.00. ஐம்பத்தைந்து, அறுபதில் +2.50. அதற்கு மேல் பெரிதாக ஏறாது. ஏன் ஏறாது என்பதற்குக் கணக்கு சுலபம். நூறு சென்டிமீட்டரைப் பவரால் வகுத்தால், அந்தக் கண்ணாடி மட்டும் தனியாக எந்தத் தூரத்தில் தெளிவு கொடுக்கும் என்று வந்துவிடும். +2.50 என்றால் நாற்பது சென்டிமீட்டர். நாம் புத்தகம் பிடிக்கிற, துணி தைக்கிற தூரம் ஏறக்குறைய அதுதான். கண்ணின் லென்ஸ் முழுக்க இறுகிப்போனாலும் அந்தத் தூரத்துக்கு +2.50 போதும். ஆகவே தூரப் பார்வை சரியாக இருப்பதாக நினைக்கிற ஒருவர், அதே நாற்பது சென்டிமீட்டர் வேலைக்கு +3.00, +3.50 என்று கேட்டால், வெள்ளெழுத்தைத் தவிர இன்னொன்றும் அந்தக் கண்ணில் இருக்கிறது என்று அர்த்தம்.

இதை வைத்துத்தான் நான் ஆட்களிடம் சொல்வேன். வயது நாற்பதுக்கு மேல். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகப் பொத்திப் பார்த்தாலும் தூரத்துப் பேருந்தின் ஊர்ப் பெயர் இரண்டிலும் ஒரே மாதிரி தெரிகிறது. பவர் வயதுக்கு ஏற்ற எண்ணாக இருக்கிறது. வாங்கிய கண்ணாடி இரண்டு மூன்று வருஷமாவது தாக்குப் பிடிக்கிறது. சர்க்கரை இல்லை, குடும்பத்தில் கண் அழுத்த நோய் இல்லை, தலைவலியோ கண்வலியோ இல்லை. இப்படிப்பட்டவருக்குச் சந்தைக் கண்ணாடி குறைவான பொருள் ஒன்றும் கிடையாது. லென்ஸில் கீறலோ குமிழியோ இருக்கிறதா, ஒரு நேர்கோட்டை அதன் வழியாகப் பார்த்தபடி கண்ணாடியை மெல்ல நகர்த்தினால் கோடு நெளிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதும்.

அதன் எல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும். ஒரு கண் +1.50, இன்னொரு கண் +2.50 கேட்கிறவருக்கு அது பொருந்தாது. கண்ணின் ஒரு திசைக்கு மட்டும் தேவைப்படுகிற சிலிண்டர் பவர் அதில் கிடையாது. இரண்டு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும், கண்ணாடியிலோ அது ஒரே அளவு. பவர் குறைவாக இருந்தால் இது தெரியாது. +3.00-க்கு மேல் போய், மணிக்கணக்கில் உட்கார்ந்து தைக்கிறவர்களுக்குக் கண் இழுக்கிற மாதிரி இருக்கும், அசந்துபோகும். ஆனால் பொருந்தாத கண்ணாடி போட்டதால் கண் கெட்டுப்போகாது. பவர் தப்பான கண்ணாடி கண் நோயை உண்டாக்காது, கண்ணுக்குள் அழுத்தத்தையும் ஏற்றாது. தொந்தரவு தரும், அவ்வளவுதான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "சந்தைக் கண்ணாடி போட்டு என் கண் போச்சு" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் போனதற்குக் காரணம் உள்ளே ஏற்கனவே இருந்த நோய். கண்ணாடி அதை மூடி வைத்திருந்தது.

எப்படி மூடுகிறது என்பதற்கு ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம். ஐம்பத்திரண்டு வயது. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவர். என்னிடம் வந்தது கண்ணாடி எழுதிக்கொள்ள. "கடையில மூணரைக்கு மேல இல்லைங்கறாங்க சார். மூணரையிலயும் ஊசி மங்கலாத் தெரியுது. நாலு எழுதிக் கொடுங்க" என்றார்.

முதல் கண்ணாடி எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். முப்பத்தேழு வயதில் என்றார். அப்போது +1.50. அதை ஐந்தாறு வருஷம் போட்டிருந்தார். பிறகு +2.00. நாற்பத்தொன்பதில் +2.50. ஐம்பத்தொன்றில் +3.00. அடுத்த வருஷமே +3.50. ஒவ்வொரு தடவையும் சந்தையில்தான். ஒவ்வொரு தடவையும் புதுக் கண்ணாடி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இந்த வரிசையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முப்பத்தேழு வயதில் +1.50 என்பது வெள்ளெழுத்துக்குச் சீக்கிரம், அதுவும் அதிகம். பிறந்ததிலிருந்தே தூரத்துக்கும் பிளஸ் பவர் தேவைப்படுகிற கண்ணாக அது இருக்க வேண்டும். இளமையில் லென்ஸ் தடித்து அதை ஈடுகட்டியிருக்கும், அதனால் அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டாவது, கடைசி மூன்று வருஷத்தில் பவர் ஏறிய வேகம். வெள்ளெழுத்து அப்படி ஓடாது. கிட்டத்துக் கண்ணாடியை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதைக் கண் அழுத்த நோயான கிளாக்கோமாவின் அறிகுறிகளில் ஒன்றாகக் கண் மருத்துவப் பாடத்தில் படித்திருக்கிறோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்போது, லென்ஸைத் தடிக்க வைக்கிற தசையும் அதன் நரம்பும் தளர்கின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

தலைவலி உண்டா என்று கேட்டதும் அக்கா கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்தார். உண்டு. சாயங்காலம், விளக்கு வெளிச்சத்தில் குனிந்து தைக்கும்போது. வலது புருவத்துக்கு மேலே. மாத்திரை போட்டுப் படுத்தால் காலையில் சரியாகிவிடும். விளக்கைச் சுற்றி ஏதாவது தெரியுமா? "வானவில் மாதிரி ஒரு வட்டம் தெரியுங்க சார். கண்ணாடி அழுக்காயிடுச்சுன்னு தொடைச்சுப் பார்ப்பேன்."

தலைவலிக்கு அவர் சொன்ன காரணம், கண்ணாடிப் பவர் போதவில்லை என்பது. அதனால்தான் கடைக்குப் போய்ப் பவரை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள், கடைக்காரரும் அதையே சொல்லியிருக்கிறார். யாரையும் குறை சொல்ல முடியாது. நியாயமாகத் தோன்றுகிற விளக்கம்தான் அது.

பார்வைப் பலகையில் இடது கண் 6/12, வலது கண் 6/18. 6/6 என்றால் முழுப் பார்வை, கீழ் எண் கூடக் கூடப் பார்வை குறைவு. +2.00 வைத்ததும் இடது கண் 6/6 முழுதாகப் படித்தது. வலது கண் 6/9-க்கு மேல் வரவில்லை. அதாவது தூரத்துக்கே +2.00, அதன் மேல் வயதுக்கான +2.00, மொத்தம் நாலு. எண்ணைப் பொறுத்தவரை அக்கா கேட்டது சரிதான். அன்றைக்கு நாலு எழுதிக் கொடுத்திருந்தால் ஊசி நன்றாகத் தெரிந்திருக்கும், சந்தோஷமாகப் போயிருப்பார். வலது கண் மட்டும் ஏன் முழுதாகத் தெளியவில்லை என்ற கேள்வி அப்படியே நின்றிருக்கும்.

பிளஸ் பவர் உள்ள கண் பெரும்பாலும் அளவில் சிறியது. சின்ன வீட்டில் சாமான் நெருக்கமாக இருப்பதைப் போல, அதற்குள் எல்லாம் நெருக்கமாக இருக்கும். கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. ஐரிஸ் என்கிற நிறத்திரையும், முன்னாலுள்ள கண்ணாடி போன்ற கருவிழியும் சேரும் மூலையில் அது வடிகிறது. சுரப்பதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை அழுத்தம் சாதாரணமாகப் பத்துக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் நிற்கும். சிறிய கண்ணில் அந்த மூலை இயல்பிலேயே குறுகலானது. வயது ஏற லென்ஸ் பருத்து, ஐரிஸை முன்னால் தள்ளுகிறது. மங்கலான வெளிச்சத்தில் கண் பாப்பா விரிகிறது. தலை குனிந்திருந்தால் லென்ஸ் இன்னும் கொஞ்சம் முன்னால் வருகிறது. எல்லாம் ஒன்றுசேரும்போது மூலை அடைபட்டு, அழுத்தம் ஏறி, கருவிழியில் நீர் கோத்து, விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது. தூங்கும்போது பாப்பா சுருங்குவதால் மூலை மறுபடி திறந்துகொள்கிறது. சாயங்காலத் தையல், புருவத்து வலி, காலையில் சரியாகிவிடுவது எல்லாம் இதில் பொருந்திவிட்டன. மூலை அடைபடுகிற இந்த வகைக் கிளாக்கோமா ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து, முகத்துக்குக் கிடையாக அடித்துப் பார்த்தேன். இடம் தாராளமாக உள்ள கண்ணில் ஐரிஸ் முழுக்க வெளிச்சம் படும். அக்காவின் இரண்டு கண்களிலும் மூக்குப் பக்கத்துப் பாதி நிழலில் கிடந்தது. இது கரடுமுரடான சோதனை. நிழல் விழாத கண்ணிலும் மூலை குறுகியிருக்கலாம். ஆனால் நிழல் விழுந்தால் விடக்கூடாது. இப்படிப்பட்ட கண்ணில், மூலையைப் பார்க்காமல் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் அடைப்பு திடீரென்று முழுதாகிவிடலாம். அதையும் சீட்டில் எழுதி மருத்துவரிடம் அனுப்பினேன்.

அங்கே அழுத்தம் வலது கண்ணில் 28, இடது கண்ணில் 22. மூலையைப் பார்க்கும் கோனியோ லென்ஸ் வைத்ததில் இரண்டு கண்ணிலும் குறுகல். வலது கண்ணில் சில இடங்களில் ஐரிஸ் நிரந்தரமாகவே ஒட்டியிருந்தது. வலது கண் நரம்பின் நடுக்குழி பெரிதாகிவிட்டிருந்தது, அதாவது நரம்பு தேய்ந்திருந்தது. பார்வைப் பரப்புச் சோதனையில் அந்தக் கண்ணின் மூக்குப் பக்கத்து மேல் பகுதி ஏற்கனவே போய்விட்டிருந்தது.

போனது அவருக்குத் தெரியவே இல்லை. சந்தைக் கண்ணாடி மூடி மறைக்கிறது என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான். கிளாக்கோமா ஓரப் பார்வையை முதலில் தின்கிறது; எழுத்துப் படிக்கிற நடுப் பார்வையைக் கடைசிவரை விட்டு வைக்கிறது. கல்யாணப் பத்திரிகை கேட்பது நடுப் பார்வையை மட்டும். அதுவும் இரண்டு கண்ணும் திறந்தபடி. ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை இன்னொரு கண் நிரப்பிவிடும். அக்கா ஊசி கோத்ததெல்லாம் பெரும்பாலும் இடது கண்ணால்தான். கடையில் +3.50 போட்டு "நல்லாத் தெரியுது" என்று சொன்னதும் இடது கண்தான்.

தென்தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் நடத்திய கணக்கெடுப்பு 2003-இல் வெளிவந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 2.6 பேருக்குக் கிளாக்கோமா. அவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குத் தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. அக்காவுக்கு வந்த மாதிரி வலியும் வானவில்லும் காட்டுவது ஒரு வகை. மூலை திறந்தே இருந்து, எந்த வலியும் இல்லாமல் அரிக்கிற இன்னொரு வகையும் உண்டு. அதில் முன்கூட்டிக் கிடைக்கும் தடயங்கள் மிகக் குறைவு. சிலருக்குக் கண்ணாடி எண் வேகமாக ஏறுவது அப்படி ஒரு தடயம்.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தார்கள். ஐரிஸின் ஓரத்தில், மேல் இமைக்கு அடியில் மறையும்படி ஒரு சின்னத் துளை. நீர் அந்த வழியாக முன்னால் வந்துவிடுவதால் ஐரிஸ் பின்வாங்கி மூலை அகலும். சில நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இடது கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. வலது கண்ணில் ஒட்டிய இடம் ஒட்டியதுதான். அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தைத் தினமும் போட்டாக வேண்டும். போன பரப்பு திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் இத்தனையும். முதல் தலைவலி வந்த வருஷமே வந்திருந்தால் வலது கண்ணுக்கும் லேசரோடு முடிந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

தலைகீழாகவும் ஒன்று நடக்கும், அதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அறுபது வயதுக்காரர் ஒருவர், "இப்பெல்லாம் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன், கண்ணு திரும்பி வந்துடுச்சு" என்று மகிழ்ச்சியோடு சொல்வார். லென்ஸின் நடுப்பகுதி புரை விழுந்து அடர்த்தியாகும்போது கண்ணுக்கு மைனஸ் பவர் வரும். கிட்டப் பார்வை கொஞ்ச காலம் தெளியும், தூரம் மங்கும். புரைக்கு அறுவை உண்டு, பார்வை திரும்பும்; இதில் தாமதத்தின் விலை குறைவு.

சர்க்கரையில் அப்படி இல்லை. சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸுக்குள் நீர் புகுந்தும் வெளியேறியும் வாரக் கணக்கில் பவர் மாறும். போன மாதம் வாங்கியது இந்த மாதம் சேராது. அந்த நேரத்தில் எந்தக் கண்ணாடியும் வாங்க வேண்டாம், சர்க்கரை நிலைக்கு வரட்டும். விழித்திரையையும் ஒரு தடவை பார்த்தாக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதன்பிறகு சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. விழித்திரைச் சோதனைக்கு மட்டும் இன்னும் நாம்தான் எழுந்து போக வேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

சந்தைக் கடைக்காரர் ஒருவரிடம் இதையெல்லாம் ஒருநாள் பேசினேன். அவர் கேட்டது நல்ல கேள்வி: "நான் டாக்டர் இல்லையே சார், நான் என்ன கண்டுபிடிக்க முடியும்?" நோயைக் கண்டுபிடிக்க வேண்டாம், விற்பதை நிறுத்தவும் வேண்டாம், மூன்று பேரை மட்டும் கவனியுங்கள் என்றேன். நாற்பதுக்குக் கீழே இருந்துகொண்டு கண்ணாடி கேட்பவர். +3.00-க்கு மேல் கேட்பவர். போன வருஷம் வாங்கிவிட்டு இந்த வருஷம் ஏற்றிக் கேட்பவர். பத்திரிகையைக் கொடுக்கும்போது ஒரு கண்ணைப் பொத்திப் படிக்கச் சொல்லி, பிறகு மறு கண்ணையும் பொத்திப் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. கண்ணாடியை விற்றுவிட்டு, ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை. அவர் ஒத்துக்கொண்டார். அவர் அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு அவ்வப்போது ஆட்கள் வருகிறார்கள். பலருக்கு ஒன்றும் இருப்பதில்லை. அவர்களுக்கு நானே, "அந்தக் கடையிலேயே இந்தப் பவரை வாங்கிக்கோங்க" என்று எழுதி அனுப்புகிறேன்.

இந்த நோய் ரத்த உறவில் வருவதால், தையல் அக்காவிடம் கூடப்பிறந்தவர்களை அழைத்து வரச் சொல்லியிருந்தோம். மூத்த அக்கா வந்தார். அவருக்கும் முப்பதுகளிலேயே சந்தைக் கண்ணாடி, அவருக்கும் டார்ச் நிழல். அழுத்தம் இன்னும் ஏறவில்லை, நரம்பும் முழுசாக இருந்தது. மூலையைப் பார்த்துவிட்டு மருத்துவர் முன்கூட்டியே லேசர் வைத்துவிட்டார். அவருக்குச் சொட்டு மருந்து கிடையாது.

உங்கள் வீட்டில் யாரையாவது கண் பார்க்க அழைத்துப் போவதாக இருந்தால் பழைய கண்ணாடிகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கால் உடைந்தது, ஸ்டிக்கர் போனது, பரணில் கிடப்பது எதுவானாலும் சரி. லென்ஸ்மீட்டரில் வைத்தால் பவர் தெரிந்துவிடும். எது எந்த வருஷம் வாங்கியது என்று தோராயமாகச் சொன்னால் போதும், மீதியை நாங்கள் படித்துக்கொள்வோம்.